புது எமோஜி, பழைய போன், நடுவில் ஒரு பெட்டி

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். அம்மாவிடம் 2019-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு 9 போன். "சரிம்மா 🫡 லேட் ஆகும் ❤️‍🩹" என்று நான் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், சாட்டைத் திறந்ததும் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் மேலே வரும் நோட்டிஃபிகேஷனில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அதையே எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினாலும் பெட்டிதான். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், "சாஃப்ட்வேர் புதுசா போடணும், 800 ரூபாய்" என்கிறார். ஏன் இப்படி வருகிறது? போடலாமா?

பதில்: 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அது தானாகவே புரிந்துவிடும். நான் இதே ஊரில் ஆப் டெஸ்டிங் வேலையில் இருப்பவன். பழைய போன்களை மேசையில் அடுக்கி வைத்து "இதில் என்ன உடைகிறது" என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதில் இந்தப் பெட்டி அடிக்கடி வரும் விருந்தாளி.

முதலில் ஒன்று தெளிவாகட்டும். உங்கள் செய்தி முழுசாக, ஒரு எழுத்துகூடக் குறையாமல் அம்மாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நெட்வொர்க்கில் கோளாறு இல்லை, எஸ்.எம்.எஸ்.ஸிலும் கோளாறு இல்லை. இதை நீங்களே சோதிக்கலாம். அம்மாவின் போனில் பெட்டியாகத் தெரியும் அந்த எஸ்.எம்.எஸ்.ஸைக் காப்பி செய்து, உங்கள் போனுக்கே திருப்பி அனுப்புங்கள். உங்கள் திரையில் அந்தப் பெட்டி மறுபடியும் சல்யூட் அடிக்கும் முகமாக நிற்கும். காரணம், அம்மாவின் போன் பெட்டியைச் சேமித்து வைக்கவில்லை. எண்ணைத்தான் சேமித்து வைத்திருக்கிறது.

எமோஜி ஒரு படம் என்று பலரும் நினைக்கிறார்கள். அனுப்பும்போது படம் எதுவும் போவதில்லை. 'அ' என்ற எழுத்துக்கு யூனிகோடில் U+0B85 என்று ஓர் எண் இருப்பதுபோல, 🫡 என்பதற்கு U+1FAE1 என்று ஓர் எண். யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் F0 9F AB A1 என்று நாலே பைட். அவ்வளவுதான் போகிறது. அந்த எண்ணுக்கு எந்தப் படத்தை வரைவது என்பது வாங்குகிற போனின் பொறுப்பு. ஒரே எமோஜி ஐபோனில் ஒரு மாதிரியும் சாம்சங்கில் வேறு மாதிரியும் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

வரைவதற்குத் தேவையான படங்கள் ஃபான்ட் கோப்பில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அதன் பெயர் `NotoColorEmoji.ttf`. போனின் `/system/fonts` என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆண்ட்ராய்டு 9 காலத்துக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு எமோஜிக்கும் 136 × 128 பிக்சல் அளவில் ஒரு சின்ன PNG படம் உள்ளே இருக்கும். கூடவே `cmap` என்ற அட்டவணை ஒன்று உண்டு. இந்த எண்ணுக்கு இந்தப் படம் என்று சொல்வது அந்த அட்டவணைதான்.

ஆண்ட்ராய்டு 9 வெளிவந்தது 2018-ல். அப்போது இருந்த எமோஜி பதிப்பு 11. சல்யூட் முகம் யூனிகோடுக்குள் வந்ததோ 2021 செப்டம்பரில், 14-ஆம் பதிப்பில். ஆக, அம்மாவின் போனில் இருக்கும் ஃபான்ட் தயாரான நாளில் U+1FAE1 என்பது யாருக்கும் ஒதுக்கப்படாத காலி எண். அட்டவணையில் அது இல்லை, இருக்கவும் முடியாது.

சரி, இல்லாவிட்டால் சும்மா விட்டுவிட வேண்டியதுதானே, பெட்டியை ஏன் வரைகிறது? இங்கேதான் நீங்கள் கேட்ட விஷயத்தின் மையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை ஃபால்பேக் என்பார்கள். ஒரு ஃபான்ட்டில் எழுத்து இல்லையென்றால் அடுத்த ஃபான்ட், அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது என்று தேடிக்கொண்டே போவது.

தமிழ் படிக்கிற நமக்கு இது தினமும் நடக்கிறது, கவனிப்பதில்லை, அவ்வளவுதான். "Hi அம்மா 😂" என்று ஒரு வரி. ஆண்ட்ராய்டின் முதன்மை ஃபான்ட் ரோபோட்டோ. அதில் ஆங்கிலம் உண்டு, தமிழ் கிடையாது. ஆகவே போன் அந்த வரியை மூன்று துண்டாக வெட்டுகிறது. "Hi" ரோபோட்டோவில் வரையப்படுகிறது. "அம்மா" என்ற துண்டுக்கு ரோபோட்டோ கைவிரிக்க, பட்டியலில் கீழே போய் நோட்டோ தமிழ் ஃபான்ட்டைப் பிடிக்கிறது. 😂 இரண்டிலும் இல்லை, எமோஜி ஃபான்ட்டில் இருக்கிறது. மூன்று ஃபான்ட்டில் வரைந்த மூன்று துண்டுகளையும் ஒரே கோட்டில் ஒட்டி நமக்குக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டுக்குள் இந்தத் துண்டுபோடும் வேலையைச் செய்யும் நிரலின் பெயர் மினிகின். எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது `/system/etc/fonts.xml` என்ற கோப்பில் எழுதியிருக்கும். எமோஜிக்கான பகுதி இப்படித்தான் இருக்கும்:

```
<family lang="und-Zsye">
    <font weight="400" style="normal">NotoColorEmoji.ttf</font>
</family>
```

இப்போது 🫡 வருகிறது. ரோபோட்டோவில் இல்லை. தமிழ், இந்தி, கன்னடம், அரபு, சீனம் என்று பட்டியலில் உள்ள எந்த ஃபான்ட்டிலும் இல்லை. எமோஜி ஃபான்ட்டிலும் இல்லை. கடைசி வரை போய்ப் பார்த்தும் கிடைக்காவிட்டால், மினிகின் பட்டியலின் முதல் ஃபான்ட்டுக்கே திரும்பி வந்து, "நீயே ஏதாவது வரை" என்று கொடுத்துவிடும். ஒவ்வொரு ஃபான்ட்டிலும் பூஜ்யம் எண்ணுள்ள ஓர் உருவம் கட்டாயம் இருக்கும். அதன் பெயர் `.notdef`. எனக்குத் தெரியாத எழுத்து என்று சொல்வதற்காகவே வைத்த உருவம் அது. பெட்டி என்று நாம் பார்ப்பது இந்த `.notdef`-ஐத்தான்.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் என்னவென்றால், பெட்டியை வரைவது எமோஜி ஃபான்ட் இல்லை, சாதாரண எழுத்துக்கான முதன்மை ஃபான்ட். அதனால்தான் பெட்டியின் உருவம் போனுக்குப் போன் மாறுகிறது. ஒன்றில் வெறும் செவ்வகம், இன்னொன்றில் உள்ளே பெருக்கல் குறி, ஐபோனில் உள்ளே கேள்விக்குறி. சில ஃபான்ட்டுகளில் பூஜ்ய உருவம் வெறுமையாகவே இருக்கும். அந்த மாதிரிப் போனில் பெட்டிகூட வராது, வெற்றிடம்தான். எனக்கு அதுதான் மோசமாகப் படுகிறது. பெட்டி வந்தால் ஏதோ ஒன்று இங்கே இருந்தது என்றாவது தெரியும். வெற்றிடத்தில், அனுப்பியவர் எதையும் போடவில்லை என்றே படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

பெட்டியையும் கேள்விக்குறியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உள்ளே கேள்விக்குறி போட்ட கருப்பு வைரம் � வந்தாலோ, எமோஜி இருக்க வேண்டிய இடத்தில் "????" என்று வந்தாலோ அது ஃபான்ட் குறை அல்ல. வழியில் யாரோ பைட்டுகளைச் சிதைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பழைய டேட்டாபேஸ்களில் இது நிறைய நடக்கும். MySQL-இல் `utf8` என்று போட்டால் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம். 🫡-க்கு 4 பைட் வேண்டும், அதற்கு `utf8mb4` என்று போட வேண்டும். போடாத இடத்தில் எமோஜி நிஜமாகவே தொலைந்துபோகும், திருப்பி அனுப்பினாலும் மீளாது. நம் தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட்டே போதும் என்பதால், அதே டேட்டாபேஸில் தமிழ் நன்றாக இருக்கும், எமோஜி மட்டும் காணாமல் போகும். உங்கள் அம்மாவின் போனில் வருவது இந்த வகை இல்லை.

அடுத்து ❤️‍🩹. இதை நோட்டிஃபிகேஷனில் சரியாகப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். வெறும் பெட்டி இருக்காது. ஒரு சிவப்பு இதயம், அதன் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். ஏனென்றால் இது ஓர் எமோஜி அல்ல, ஒட்டிவைத்த ஒரு கூட்டம். பைத்தானில் பிரித்துப் பார்த்தால்:

```
>>> [hex(ord(c)) for c in "❤️‍🩹"]
['0x2764', '0xfe0f', '0x200d', '0x1fa79']
```

நாலு எண்கள். முதலாவது இதயம். இரண்டாவது, "இதைக் கருப்பு எழுத்தாக வரையாதே, வண்ணப் படமாக வரை" என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி. மூன்றாவதும் கண்ணுக்குத் தெரியாதது. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் சேர்த்துவை என்று சொல்லும் ஒட்டுக்குறி. இதை ஜீரோ விட்த் ஜாய்னர், சுருக்கமாக ZWJ என்பார்கள். நாலாவது, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி 🩹. இதயமும் பிளாஸ்திரியும் சேர்ந்தால் கட்டுப்போட்ட இதயம்.

இந்த ஒட்டு வேலை தமிழில் நமக்குப் பழக்கமானதே. க, ் , ஷ என்ற மூன்று குறிகளும் அடுத்தடுத்து வந்தால், தமிழ் ஃபான்ட் அவற்றை 'க்ஷ' என்ற ஒரே உருவமாக மாற்றிக் காட்டுகிறது. 'ஸ்ரீ' அப்படித்தான். அந்தக் கூட்டுருவம் இல்லாத ஃபான்ட்டில் அவை தனித்தனியாக நிற்கும், ஆனாலும் படிக்க முடியும். எமோஜி ஃபான்ட்டிலும் அதே `GSUB` என்ற அட்டவணைதான் இந்தச் சேர்க்கையைச் செய்கிறது. சேர்த்த உருவம் இருந்தால் ஒரு படம். இல்லாவிட்டால் ஒட்டுக்குறி மறைந்துவிடும், துண்டுகள் வரிசையாக நிற்கும்.

இதனால் ஒரே ❤️‍🩹 மூன்று காலத்துப் போன்களில் மூன்று விதமாகத் தெரியும். அம்மாவின் ஆண்ட்ராய்டு 9-இல் இதயம் உண்டு, ஆனால் பிளாஸ்திரி 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பைச் சேர்ந்தது என்பதால் அந்த இடத்தில் பெட்டி. ஆண்ட்ராய்டு 10-இல் பிளாஸ்திரியும் உண்டு, ஆனால் இரண்டையும் சேர்த்த உருவம் கிடையாது. ஆகவே ❤️🩹 என்று இரண்டு படங்கள். சேர்க்கை 2020 செப்டம்பரில் வந்த 13.1 பதிப்பில்தான் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 12 போன்ற பிந்தைய பதிப்புகளில் ஒரே படமாகத் தெரியும்.

அந்த 13.1 பதிப்பு பிறந்த கதையும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். கொரோனா காரணமாக யூனிகோட் 14-ஐ ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். புது எண்களை ஒதுக்குவதற்கு அது வெளிவந்தாக வேண்டும். ஆனால் ஏற்கனவே இருக்கும் எண்களை ஒட்டிப் புது எமோஜி செய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த வருஷம் எல்லாமே ஒட்டு எமோஜிதான். எரியும் இதயம் ❤️‍🔥 அந்தச் செட்டில் வந்ததே. 2023-இன் 15.1 பதிப்பும் இப்படி ஒட்டுகளாலேயே ஆனது. ஃபீனிக்ஸ் பறவை 🐦‍🔥 அதில் ஒன்று. பறவை, ஒட்டுக்குறி, நெருப்பு. பறவையும் நெருப்பும் 2010-இலிருந்தே யூனிகோடில் இருப்பவை. அதனால் ஃபீனிக்ஸை அம்மாவுக்கு அனுப்பிப் பாருங்கள், பெட்டியே வராது. குருவி ஒன்று, பக்கத்தில் தீ. யார் வீட்டில் என்ன பற்றிக்கொண்டது என்று அவர் போன் போட்டுக் கேட்டால் நான் பொறுப்பில்லை.

ஒட்டு முறையின் நல்லதும் கெட்டதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. பெட்டி வராமல் ஏதோ ஒன்று தெரிகிறது என்பது நல்லது, அதற்காகத்தான் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் தெரிகிற ஏதோ ஒன்று தவறான அர்த்தம் தரலாம். மாட்டேன் என்று தலையை இடவலமாக ஆட்டும் முகம் 🙂‍↔️ வந்திருக்கிறது, அதுவும் 15.1 தான். பழைய போனில் அது சிரித்த முகமும் இரட்டை அம்புக்குறியுமாகப் பிரிந்துபோகும். நீங்கள் வரவில்லை என்று சொன்னீர்கள். அம்மா பார்த்தது சிரிப்பு. இந்த இடத்தில் பெட்டி வந்திருந்தாலே தேவலை என்று எனக்குத் தோன்றும். பெட்டியைப் பார்த்தால் என்ன அனுப்பினாய் என்று கேட்பார்கள், சிரிப்பைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள். பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான பதிலை எமோஜியால் மட்டும் சொல்லாதீர்கள், ஒரு வார்த்தை தட்டிவிடுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஒரே போன், ஒரே செய்தி. சாட்டுக்குள் சரி, நோட்டிஃபிகேஷனில் பெட்டி. எப்படி?

வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டில் போனின் எமோஜி ஃபான்ட்டை நம்புவதில்லை. தன் எமோஜிப் படங்களைத் தானே கையோடு கொண்டுவருகிறது. சாட்டுக்குள் 🫡 வந்தால், அந்த எண்ணைக் கண்டுபிடித்து, அது இருக்கும் இடத்தில் தன் படத்தைச் செருகிவிடுகிறது. மினிகின் வரை, ஃபான்ட் பட்டியல் வரை அந்த எண் போவதே இல்லை. டெலிகிராமும் இப்படித்தான். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கலாம், ஆண்ட்ராய்டு 2 காலத்துப் போன்களில் தமிழே பெட்டி பெட்டியாகத்தான் வரும். அப்போது ஓபரா மினியில் `opera:config` என்று அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அமைப்பை ஆன் செய்து தமிழ்ச் செய்தித் தளங்களைப் படித்தோம். போனில் ஃபான்ட் இல்லாததால் சர்வரே எழுத்தைப் படமாக்கி அனுப்பியது. வாட்ஸ்அப் எமோஜிக்குச் செய்வதும் அந்த வழியைச் சேர்ந்ததுதான், படம் ஆப்புக்குள் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் நோட்டிஃபிகேஷனை வரைவது வாட்ஸ்அப் இல்லை. வாட்ஸ்அப் "இந்த வரியைக் காட்டு" என்று எழுத்தை மட்டும் ஆண்ட்ராய்டிடம் ஒப்படைக்கிறது. சிஸ்டம் யூஐ என்ற தனி நிரல் அதை வாங்கி வரைகிறது. ஓர் ஆப்பிலிருந்து இன்னோர் ஆப்புக்கு எழுத்து தாண்டும்போது, தடித்த எழுத்து, சாய்வெழுத்து போன்ற பொதுவான அலங்காரங்கள் கூடப் போகும். ஆப் தன் வசதிக்காகச் செருகிய சொந்தப் படம் போகாது. அந்தப் பக்கம் போய்ச் சேர்வது வெறும் U+1FAE1. அங்கே இருப்பது 2018-இன் ஃபான்ட். முடிந்தது, பெட்டி.

அம்மாவின் போனில் ஏற்கனவே தெரிகிற ஒரு பழைய எமோஜியை அனுப்பி இதை உறுதி செய்துகொள்ளலாம். 😂 அனுப்புங்கள். நோட்டிஃபிகேஷனில் வரும் சிரிப்பு முகத்தையும் சாட்டுக்குள் வரும் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறமும் கண்ணின் வளைவும் வேறு வேறாக இருக்கும். இரண்டு பேர் வரைந்த படங்கள் அவை.

எஸ்.எம்.எஸ். ஆப்பின் கதையும் இதேதான். போனோடு வந்த எஸ்.எம்.எஸ். ஆப்புகள் பெரும்பாலும் சிஸ்டம் ஃபான்ட்டையே நம்பி இருப்பவை. கூகுள் 2017-இல் எமோஜிகாம்பாட் என்று ஒரு வசதியை ஆப் எழுதுபவர்களுக்குக் கொடுத்தது. அதைச் சேர்த்துக்கொண்ட ஆப், கூகுள் ப்ளே சர்வீசஸ் வழியாகப் புதிய எமோஜி ஃபான்ட்டைத் தனியாக இறக்கி, தன் திரையில் மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே அம்மாவின் போனில் வேறொரு எஸ்.எம்.எஸ். ஆப்பைப் போட்டால், அது இந்த வசதி உள்ளதாக இருந்தால், எஸ்.எம்.எஸ்.ஸில் பெட்டி போய்விடும். கூகுள் மெசேஜஸை முயன்று பார்க்கலாம், காசு ஒன்றும் ஆகாது. நோட்டிஃபிகேஷனில் பெட்டி அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

கீபோர்டிலும் இதன் நிழல் தெரியும். எந்த எமோஜியைப் பட்டியலில் காட்டலாம் என்று கீபோர்ட் போனிடம் கேட்டுக்கொள்ள `Paint.hasGlyph` என்று ஒரு வழி ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கிறது. இல்லை என்று பதில் வந்தால் அதைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடலாம். அம்மா கீபோர்டில் எவ்வளவு தேடினாலும் சல்யூட் முகம் கிடைக்காமல் போவதும், வாட்ஸ்அப்பின் சொந்த எமோஜிப் பலகையில் மட்டும் கிடைப்பதும் அதனால்தான்.

சரி, கடைக்காரர் விஷயம். எமோஜி ஃபான்ட் இருப்பது போனின் சிஸ்டம் பகுதியில். அந்தப் பகுதியை ஆப் எதுவும் தொட முடியாதபடி பூட்டியிருப்பார்கள். போன் தயாரித்த நிறுவனம் அனுப்பும் அப்டேட்டால் மட்டுமே அது மாறும். அந்த மாடலுக்கு நிறுவனம் கடைசியாகக் கொடுத்தது ஆண்ட்ராய்டு 9 என்றால், எஸ்.பி. ரோட்டில் "புதுசாகப் போடும்" சாஃப்ட்வேரும் அதே ஆண்ட்ராய்டு 9 தான். உள்ளே அதே 2018 ஃபான்ட். 800 ரூபாய் போகும், பேக்கப் எடுக்காமல் விட்டால் போட்டோக்களும் வாட்ஸ்அப் சாட்டும் சேர்ந்து போகும், பெட்டி போகாது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போட்ட பிறகு ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன் ஆகும்ணா?" ஒன்பது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

நிறுவனம் தராத, வெளியார் செய்த ஆண்ட்ராய்டைப் போட்டுத் தருகிறேன் என்றால் எமோஜி வந்துவிடும் என்பது உண்மை. போனை ரூட் செய்து எமோஜி ஃபான்ட்டை மட்டும் மாற்றுவதும் முடியும். ஆனால் பூட்டை உடைத்த போனில் வங்கி ஆப்புகளும் யூபிஐ ஆப்புகளும் திறக்க மறுக்க வாய்ப்பு அதிகம். அம்மா காய்கறிக்காரருக்கு ஸ்கேன் பண்ணிக் காசு கொடுப்பவர் என்றால், சல்யூட் முகத்துக்காக அதைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். ப்ளே ஸ்டோரில் புது எமோஜி ஃபான்ட் தருகிறோம் என்று விளம்பரத்தோடு வரும் ஆப்புகளையும் ஒதுக்கிவிடுங்கள். சிஸ்டம் ஃபான்ட்டைத் தொடவே முடியாத ஆப், நோட்டிஃபிகேஷனில் எதையும் மாற்றப் போவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செட்டிங்ஸில் சிஸ்டம் அப்டேட் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில மாடல்களுக்கு ஆண்ட்ராய்டு 10 வந்திருக்கும், யாரும் இன்ஸ்டால் செய்யாமல் விட்டிருப்பார்கள். அப்படி வந்தால் ❤️‍🩹 இரண்டு படமாகவாவது தெரியும், 🫡 பெட்டியாகவே இருக்கும். வாட்ஸ்அப்பை அவ்வப்போது அப்டேட் செய்துவையுங்கள். அதன் படங்களும் ஆப்போடுதான் வருகின்றன, அப்டேட் நின்றுவிட்டால் அடுத்த வருஷத்து எமோஜிகள் சாட்டுக்குள்ளேயே பெட்டியாக வர ஆரம்பிக்கும்.

அடுத்த போன் வாங்கும்போது ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கடையில் புதிதாக விற்பது எல்லாம் அப்படித்தான் இருக்கும், செகண்ட் ஹேண்ட் வாங்கினால் மட்டும் கவனிக்க வேண்டும். முழு சிஸ்டம் அப்டேட்டுக்குக் காத்திராமல் எமோஜி ஃபான்ட்டை மட்டும் தனியாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு 12-இல்தான் வந்தது. புதுக் கோப்பு பூட்டிய பகுதிக்கு வெளியே `/data/fonts` என்ற இடத்தில் இறங்கும். அது ஓர் ஆப்புக்கு மட்டும் அல்ல, போன் முழுவதற்கும். ஆகவே நோட்டிஃபிகேஷனும் சரியாகும். சாம்சங் போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்த எமோஜி ஃபான்ட்டை வைத்திருப்பதால், அவற்றில் புது எமோஜி அந்நிறுவனத்தின் அப்டேட்டோடு வருவதுதான் வழக்கம்.

வீட்டில் யாராவது பழைய ஐபோன் வைத்திருந்தால் அங்கேயும் இதே கணக்கு. ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டது. சல்யூட் முகம் ஐஓஎஸ் 15.4-இல், 2022 மார்ச்சில் வந்தது. இடையில் இருக்கும் எதுவும் அதில் தெரியாது. ஐபோனில் வாட்ஸ்அப்பும் ஆப்பிளின் எமோஜியையே பயன்படுத்துவதால், 2025-இல் நிற்கும்வரை அந்தப் போனில் வாட்ஸ்அப் ஓடிய காலத்தில் சாட்டுக்குள்ளும் பெட்டிதான் வந்தது.